மதுரைக்கு மட்டும் எவ்வளவு? கூடுதல் நெடுவரிசை போடாமல் எக்செலில் விற்பனைத் தொகையைக் கூட்டுவது

கோவில்பட்டியில் மிட்டாய் வாங்கி மதுரை, கோவை, நெல்லை மூன்று ஊர்க் கடைகளுக்கும் அனுப்பும் சித்தப்பா ஒருவருக்கு நான் சில மாதங்கள் கணக்குப் பார்த்துக் கொடுத்தேன். அவருடைய பில் போடும் மென்பொருள் மாதக் கடைசியில் ஓர் எக்செல் கோப்பைத் தரும். அதில் தேதி இருக்கும், ஊர் இருக்கும், சரக்கு இருக்கும், எத்தனை பெட்டி, பெட்டி என்ன விலை என்பதும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் மொத்தம் எவ்வளவு ரூபாய் என்ற நெடுவரிசை மட்டும் இருக்காது.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பக்கத்தில் F என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, `=D2*E2` என்று எழுதி, கீழே வரை இழுத்துவிட்டேன். அப்புறம் அதன் மேல், கேட்ட ஊரின் வரிகளை மட்டும் கூட்டும் ஒரு `SUMIF`. இரண்டு மாதம் பிரச்சினை இல்லை. மூன்றாம் மாதம் புதிய தரவைப் பழையதன் மேல் ஒட்டியபோது வரிகள் கூடியிருந்தன. F நெடுவரிசையோ பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. கீழே இருந்த வரிகள் எதுவும் கணக்கில் வரவில்லை. பிழை என்று எந்தச் செய்தியும் வரவில்லை, தொகை மட்டும் குறைந்திருந்தது.

"என்னப்பா, இந்த மாசம் மதுரை இவ்வளவு படுத்துருச்சு?" என்று சித்தப்பா கேட்ட பிறகுதான் தோண்டிப் பார்த்தேன். அன்றைக்கு F நெடுவரிசையை நீக்கிவிட்டு ஒரே கட்டத்தில் கணக்கு முடியும்படி மாற்றினேன். அதைத்தான் இங்கே அடியெடுத்து அடியெடுத்துச் சொல்லப் போகிறேன். கூட்டல், பெருக்கல் ஃபார்முலா எழுதத் தெரிந்தால் போதும்.

## முதலில் தரவு

புதிய எக்செல் தாளில் இதை அப்படியே அடித்துக்கொள்ளுங்கள். தலைப்புகள் மென்பொருளில் இருந்து வருவதால் ஆங்கிலத்தில் இருக்கின்றன; முதல் வரியில் A1-ல் இருந்து தொடங்கட்டும். A நெடுவரிசையில் தேதி இருக்கும், அது நமக்கு இப்போது தேவையில்லை. காலியாக விட்டாலும் சரி.

| வரி | B: Region | C: Item | D: Qty | E: Rate |
|---|---|---|---|---|
| 2 | மதுரை | கடலை மிட்டாய் | 12 | 450 |
| 3 | கோவை | கடலை மிட்டாய் | 20 | 440 |
| 4 | மதுரை | எள்ளு மிட்டாய் | 5 | 520 |
| 5 | மதுரை | கடலை மிட்டாய் | 30 | 430 |
| 6 | நெல்லை | கடலை மிட்டாய் | 8 | 450 |
| 7 | கோவை | எள்ளு மிட்டாய் | 6 | 520 |
| 8 | மதுரை | பொரி உருண்டை | 10 | 260 |
| 9 | நெல்லை | எள்ளு மிட்டாய் | 4 | 520 |

எண்களும் ஊர்களும் விளக்கத்துக்காக நானே போட்டவை. எட்டே வரி என்பதால் விடையைக் கையாலேயே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளலாம். மதுரைக்கு நான்கு வரிகள்: 5400, 2600, 12900, 2600. கூட்டினால் 23500. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு படியிலும் இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

## கிட்டத்தட்ட சரியாக வரும் தப்புக் கணக்கு

`SUMIF` தெரிந்தவர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான்: மதுரைக்குப் போன மொத்தப் பெட்டிகளைக் கூட்டு, சராசரி விலையால் பெருக்கு. மதுரைக்குப் போனது 57 பெட்டி. நான்கு விலைகளின் சராசரி 415. பெருக்கினால் 23655.

சரியான விடையைவிட 155 ரூபாய்தான் அதிகம். பார்த்ததும் நம்பத் தோன்றும், அதனால்தான் இது மோசம். 30 பெட்டி போன 430 ரூபாய் விலைக்கும், 5 பெட்டி மட்டுமே போன 520 ரூபாய் விலைக்கும் இந்தச் சராசரி ஒரே மதிப்பைக் கொடுக்கிறது. மலிவுச் சரக்கு ஒன்றை 200 பெட்டி அனுப்பும் மாதத்தில் வித்தியாசம் ஆயிரக்கணக்கில் போய்விடும். சராசரி எடுக்காமல் விலைகளையும் கூட்டிப் பெருக்கினால் 57 × 1660 = 94620 வரும். அதையாவது பார்த்ததும் தப்பு என்று தெரிந்துவிடும்.

ஆகவே முதலில் ஒவ்வொரு வரியிலும் பெருக்க வேண்டும், அதன் பிறகுதான் கூட்ட வேண்டும். சரி, `SUMIFS`-க்குள்ளேயே பெருக்கிவிடலாமே என்று `=SUMIFS(D2:D9*E2:E9, B2:B9, "மதுரை")` என்று எழுதிப் பாருங்கள். எக்செல் அந்த ஃபார்முலாவை ஏற்கவே ஏற்காது. தாளில் இருக்கும் கட்டங்களைக் காட்டினால்தான் `SUMIFS` கூட்டும். பெருக்கி வந்த விடைகளை அதனிடம் கொடுக்க முடியாது.

## வரி வரியாகப் பெருக்கிக் கூட்டும் ஃபார்முலா

அந்த வேலைக்கென்றே இருப்பது `SUMPRODUCT`. முதலில் ஊர் பார்க்காமல் மொத்தத்தை எடுப்போம். G1 கட்டத்தில் இதை அடியுங்கள்.

```
=SUMPRODUCT(D2:D9*E2:E9)
```

41100 வரும். D2-ஐ E2-வால் பெருக்கி, D3-ஐ E3-யால் பெருக்கி, இப்படி எட்டு விடைகளைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு கடைசியில் கூட்டிக் கொடுக்கிறது. நான் F நெடுவரிசையில் வெளிப்படையாகப் போட்ட அதே கணக்கு, இப்போது கண்ணில் படாமல் உள்ளே நடக்கிறது.

இப்போது ஊரைச் சேர்ப்போம். G2 கட்டத்தில் மதுரை என்று அடித்துவிட்டு, H2 கட்டத்தில் இது:

```
=SUMPRODUCT((B2:B9=G2)*D2:D9*E2:E9)
```

23500. கையால் போட்ட அதே விடை.

புதிதாகச் சேர்ந்த `(B2:B9=G2)` என்பது ஒரு கேள்வி: "இந்த வரியின் ஊர் மதுரையா?" எட்டு வரிக்கும் எட்டுப் பதில் வரும். ஆம் என்றால் `TRUE`, இல்லை என்றால் `FALSE`. இந்தப் பதில்களைப் பெருக்கலில் போட்டால் எக்செல் `TRUE`-வை 1 ஆகவும் `FALSE`-ஐ 0 ஆகவும் எடுத்துக்கொள்ளும். எனவே மதுரை வரி ஒவ்வொன்றும் 1 × பெட்டி × விலை. மற்ற ஊர் வரிகள் 0 × பெட்டி × விலை. பூஜ்யத்தால் பெருக்கிய வரிகள் கூட்டலில் ஒன்றும் சேர்ப்பதில்லை.

இதைக் கண்ணால் பார்க்கவும் ஒரு வழி உண்டு. விண்டோஸ் எக்செலில் H2-ஐத் தேர்ந்து, மேலே ஃபார்முலா எழுதும் பட்டையில் `(B2:B9=G2)` என்ற பகுதியை மட்டும் மவுஸால் தேர்ந்து F9 விசையை அழுத்துங்கள். சில மடிக்கணினிகளில் Fn விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். அந்த இடத்தில் இப்படித் தெரியும்:

```
{TRUE;FALSE;TRUE;TRUE;FALSE;FALSE;TRUE;FALSE}
```

இரண்டு, நான்கு, ஐந்து, எட்டு வரிகளில் `TRUE`. பார்த்து முடித்ததும் Esc அழுத்தி வெளியே வாருங்கள். Enter அழுத்திவிட்டால் ஃபார்முலாவின் அந்தப் பகுதி போய் இந்தப் பட்டியலே நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். இந்த F9 பழக்கம் ஒன்று இருந்தால் பின்னால் வரும் கோளாறுகளில் பாதியை நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

அந்த அடைப்புக்குறிகளை விட்டுவிடாதீர்கள். `B2:B9=G2*D2:D9` என்று எழுதினால் எக்செல் முதலில் பெருக்கலைச் செய்யும், அதாவது "மதுரை" என்ற சொல்லை 12-ஆல் பெருக்கப் பார்க்கும். விடை `#VALUE!`.

மூன்று ஊருக்கும் வேண்டுமென்றால் G3-ல் கோவை, G4-ல் நெல்லை என்று எழுதி ஃபார்முலாவைக் கீழே நகலெடுக்கலாம். ஆனால் அதற்கு முன் கட்ட முகவரிகளை டாலர் குறியால் கட்டிப்போட வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு வரி இறங்கும்போதும் B2:B9 என்பது B3:B10 ஆக நழுவும். எடுத்துக்காட்டுக்கு, கோவைக்கான கணக்கில் இரண்டாம் வரியே காணாமல் போகும்.

```
=SUMPRODUCT(($B$2:$B$9=G2)*$D$2:$D$9*$E$2:$E$9)
```

G2-க்கு மட்டும் டாலர் போடவில்லை, அது நகர வேண்டும் என்பதால். கோவைக்கு 11920, நெல்லைக்கு 5680 வரும். மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 41100. முதலில் G1-ல் எடுத்த மொத்தமும் அதுதான். இந்த ஒப்பீட்டை நான் எப்போதும் தாளிலேயே வைத்திருப்பேன், அதற்கான காரணம் சற்றுக் கீழே வருகிறது.

ஐரோப்பிய அமைப்பில் எக்செல் வைத்திருப்பவர்கள், பிரான்சிலோ ஜெர்மனியிலோ இருப்பவர்கள், மற்ற ஃபார்முலாக்களில் காற்புள்ளி வரும் இடத்தில் அரைப்புள்ளி போட வேண்டியிருக்கும். மேலே உள்ள ஃபார்முலாவில் காற்புள்ளியே இல்லாததால், எக்செலின் மொழி ஆங்கிலமாக இருந்தால் அது எல்லா ஊரிலும் அப்படியே ஓடும். கூகுள் ஷீட்ஸிலும் இதே ஃபார்முலா வேலை செய்யும்.

## காற்புள்ளியா, நட்சத்திரமா?

இணையத்தில் தேடினால் இதே கணக்கை வேறு மாதிரி எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள்:

```
=SUMPRODUCT(--(B2:B9=G2),D2:D9,E2:E9)
```

இதுவும் சரிதான், 23500 தரும். காற்புள்ளியால் பிரித்துக் கொடுத்தால் பெருக்கலை `SUMPRODUCT` தானே செய்துகொள்ளும். ஆனால் அப்படிக் கொடுக்கும்போது `TRUE`, `FALSE` என்ற பதில்களை அது எண்களாக எடுத்துக்கொள்ளாது, எல்லாவற்றையும் 0 என்றே வைத்துக்கொள்ளும். அதனால்தான் முன்னால் அந்த இரட்டை மைனஸ். முதல் மைனஸ் `TRUE`-வை −1 ஆக்குகிறது, இரண்டாவது அதை 1 ஆக்குகிறது. அந்த இரண்டு கோடுகளை மறந்தால் எக்செலில் விடை 0 என்று வரும்.

எது நல்லது என்று கேட்டால், புதியவர்களுக்கு நட்சத்திரம்தான் என்று அடித்துச் சொல்வேன். மைனஸ் மறந்துபோகும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம் வேறு.

நம் ஊர்க் கணக்குகளில் எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இருப்பதில்லை. விலையை "450/-" என்று எழுதுவது கை பழகிப் போன விஷயம். பெட்டி எண்ணிக்கையை "30 பெட்டி" என்று எழுதுபவர்களும் உண்டு. நமக்கு அது எண். எக்செலுக்கு அது வெறும் எழுத்து. இப்போது D5 கட்டத்தில் 30 என்பதை அழித்து "30 பெட்டி" என்று எழுதிப் பாருங்கள். நட்சத்திரம் போட்ட ஃபார்முலா உடனே `#VALUE!` என்று கத்தும். காற்புள்ளி போட்டதோ அந்த எழுத்தை 0 என்று வைத்துக்கொண்டு 10600 என்று அமைதியாக ஒரு தொகையைக் காட்டும். 12900 ரூபாய் காணவில்லை, ஆனால் தாளில் எந்த அறிகுறியும் இல்லை. என் F நெடுவரிசைக்கு நடந்த அதே கதை.

இன்னொன்றும் பாருங்கள். மென்பொருளில் இருந்து வரும் எண்கள் சில சமயம் பார்க்க 30 போலவே இருக்கும், ஆனால் எழுத்தாகப் பதிந்திருக்கும். D5-ல் `'30` என்று முன்னால் ஒற்றை மேற்கோள் போட்டு அடித்தால் அந்த நிலை வரும். நட்சத்திரப் பெருக்கல் அதை எண்ணாக மாற்றிக்கொண்டு 23500 என்று சரியாகவே சொல்லும். காற்புள்ளி இங்கேயும் 10600 என்றுதான் சொல்லும்.

நட்சத்திரத்தில் ஒரு தொல்லை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கோவை வரியில் யாராவது "440/-" என்று எழுதியிருந்தாலும் மதுரைக்கான தொகையும் `#VALUE!` ஆகிவிடும். பூஜ்யத்தால் பெருக்கினாலும் பிழை பிழைதான். மதுரை வரிகளை மட்டும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் கிடைக்காது, எல்லா வரிகளையும் தேட வேண்டும்.

தேடுவது சுலபம். ஓரத்தில் எங்காவது `=COUNT(D2:D9)` என்று எழுதுங்கள். அது எண்களை மட்டுமே எண்ணும். 8 வர வேண்டிய இடத்தில் 7 வந்தால் D-யில் ஒரு கட்டம் எழுத்தாகவோ காலியாகவோ இருக்கிறது. E-க்கும் அப்படியே. எந்தக் கட்டம் என்று பார்க்க, D2:D9-ஐத் தேர்ந்து Ctrl+G அழுத்தி, Special பொத்தானைத் தட்டி, Constants என்பதைத் தேர்ந்து, கீழே Text தவிர மற்ற டிக்குகளை எடுத்துவிட்டு OK கொடுங்கள். குற்றவாளிக் கட்டங்கள் மட்டும் தேர்ந்து நிற்கும்.

## தொகை குறைவாக வருகிறது, ஆனால் பிழை இல்லை

இதுதான் நிஜ வாழ்க்கையில் அதிகம் நடப்பது. ஃபார்முலா சரி, எண்களும் எண்கள்தான், ஆனாலும் மதுரைக்கு 23500 வராமல் 20900 வருகிறது. மூன்று ஊரையும் கூட்டினால் 38500, மொத்தமோ 41100. வித்தியாசம் 2600.

நான் மொத்தத்தைத் தாளிலேயே வைத்திருப்பது இதற்குத்தான். எந்த ஊருக்கும் சேராமல் ஏதோ ஒரு வரி அநாதையாகத் தொங்குகிறது என்பதை அந்த 2600 சொல்லிவிடுகிறது. தொகையை வைத்தே வரியைப் பிடிக்கவும் முயலலாம். ஆனால் நம் தாளில் 2600 ரூபாய்க்கு இரண்டு வரிகள் இருக்கின்றன, எள்ளு மிட்டாயும் பொரி உருண்டையும். எது?

B4-ஐயும் B8-ஐயும் எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெரியாது. மதுரை என்றுதான் எழுதியிருக்கும். அதன் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு வெற்றிடம் கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டிக் கொடுப்பது `LEN`. ஓரத்துக் கட்டத்தில் `=LEN(B4)` என்றும் `=LEN(B8)` என்றும் எழுதிப் பாருங்கள்.

இங்கே தமிழில் தட்டச்சு செய்பவர்கள் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மதுரை மூன்றெழுத்து என்று நாம் படித்திருக்கிறோம், `LEN` 5 என்று சொல்லும். பயப்பட வேண்டாம், து-வில் உள்ள உகரக் குறியையும் ரை-யில் உள்ள ஐகாரக் குறியையும் கணினி தனித்தனியாக எண்ணுகிறது. அதேபோல் நெல்லைக்கு 6 வரும், புள்ளியும் ஓர் எண்ணிக்கை. ஆக மதுரைக்கு 5 வந்தால் சுத்தம். B8-க்கு 6 வந்தால், கூடவே ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒட்டியிருப்பது சாதாரண வெற்றிடம் என்றால், தரவில் கைவைக்காமலே ஃபார்முலாவில் சரிசெய்யலாம்:

```
=SUMPRODUCT((TRIM($B$2:$B$9)=G2)*$D$2:$D$9*$E$2:$E$9)
```

`TRIM` முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை நீக்கிவிட்டு ஒப்பிடும். மூலத் தரவு அப்படியே இருக்கும். மாதாமாதம் வேறொருவர் கோப்பை அனுப்புகிறார், அவரைத் திருத்த முடியாது என்றால் `TRIM`-ஐ நிரந்தரமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

`TRIM` போட்டும் போகவில்லையா? இணையப் பக்கத்தில் இருந்து நகலெடுத்த தரவில் வேறு வகை வெற்றிடம் ஒன்று வரும், வரி உடையாமல் சேர்த்துப் பிடிப்பதற்கான வெற்றிடம். அதன் எண் 160. `TRIM` அதைத் தொடாது. அதை முதலில் சாதாரண வெற்றிடமாக மாற்றிவிட்டு `TRIM` செய்ய வேண்டும்.

```
=SUMPRODUCT((TRIM(SUBSTITUTE($B$2:$B$9,UNICHAR(160)," "))=G2)*$D$2:$D$9*$E$2:$E$9)
```

பார்க்கக் கொஞ்சம் நீளம்தான். ஆனால் மாறியது ஊரைக் கேட்கும் பகுதி மட்டுமே, பின்பாதி பழையதேதான். `UNICHAR` எக்செல் 2013-ல் இருந்து இருக்கிறது.

வெற்றிடம் போனாலும் "மதுரை" என்றும் "மதுர" என்றும் "Madurai" என்றும் மூன்று விதமாக எழுதியிருந்தால் எந்த ஃபார்முலாவும் உதவாது. அதற்கு ஊர்ப் பெயரைப் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கும்படி வைப்பதுதான் வழி.

## வரிகள் கூடும்போது

எட்டு வரிக்கு B2:B9 சரி. அடுத்த மாதம் இருநூறு வரி வந்தால்? பலர் `B:B`, `D:D` என்று முழு நெடுவரிசையையும் கொடுக்கப் பார்ப்பார்கள். நட்சத்திர ஃபார்முலாவில் அது உடனே `#VALUE!` ஆகும், ஏனென்றால் முதல் வரியில் Qty, Rate என்ற தலைப்புகள் இருக்கின்றன. சொல்லைச் சொல்லால் பெருக்க முடியாது. தலைப்பே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வரிகளைப் பெருக்க வைப்பது தாளைத் தள்ளாட வைக்கும்.

எளிய வழி, தாராளமாக `B2:B2000` என்று கொடுப்பது. காலிக் கட்டங்கள் 0 ஆகவே எடுத்துக்கொள்ளப்படும், தொல்லை இல்லை. ஆனால் மூன்று இடத்திலும் அதே 2 முதல் 2000 வரை இருக்க வேண்டும். ஒன்றில் 1999 என்று விட்டால் `#N/A` வரும், அது பரவாயில்லை, தெரிந்துவிடும். D2:D2000, E3:E2001 என்று ஒரு வரி தள்ளிப்போனால்தான் ஆபத்து. நீளம் சமமாக இருப்பதால் எக்செல் எதுவும் சொல்லாது, கடலை மிட்டாயின் பெட்டியை அடுத்த வரி எள்ளு மிட்டாயின் விலையால் பெருக்கிக் கொடுத்துவிடும்.

நான் பயன்படுத்துவது இதைவிட நல்ல வழி. தரவுக்குள் ஒரு கட்டத்தைத் தேர்ந்து Ctrl+T அழுத்துங்கள். "My table has headers" என்பதில் டிக் இருக்கட்டும், OK. எக்செல் அதற்கு Table1 என்று பெயர் வைக்கும். அப்புறம் ஃபார்முலா இப்படி:

```
=SUMPRODUCT((Table1[Region]=G2)*Table1[Qty]*Table1[Rate])
```

படிக்கவே சுகமாக இருக்கிறது. டாலர் குறி வேண்டாம், கீழே நகலெடுத்தாலும் நழுவாது. மூன்றும் ஒரே அட்டவணையின் நெடுவரிசைகள் என்பதால் நீளம் மாறுபடவும் வழியில்லை. அட்டவணைக்கு நேர் கீழே புதிய வரிகளை ஒட்டினால் அது தானாக நீளும், கணக்கும் சேர்ந்து நீளும்.

புதிய மாதத் தரவைப் பழையதன் மேல் ஒட்டும்போது மட்டும் கவனம் தேவை. போன மாதம் 190 வரி, இந்த மாதம் 150 வரி என்றால், ஒட்டிய பிறகு பழைய மாதத்தின் கடைசி 40 வரிகள் அடியில் தங்கிவிடும், அவையும் கூட்டலில் சேரும். முதலில் அட்டவணையின் பழைய வரிகளை நீக்கிவிட்டு ஒட்டுங்கள். எத்தனை வரி என்பதை மூலக் கோப்போடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

## இன்னும் ஒரு நிபந்தனை

மதுரையில் கடலை மிட்டாய் மட்டும் எவ்வளவு போயிருக்கிறது? இன்னொரு கேள்வியை அடைப்புக்குறிக்குள் போட்டுப் பெருக்கினால் முடிந்தது.

```
=SUMPRODUCT((B2:B9="மதுரை")*(C2:C9="கடலை மிட்டாய்")*D2:D9*E2:E9)
```

18300 வரும். இரண்டு கேள்விக்கும் ஆம் என்றால்தான் 1 × 1 = 1, இல்லாவிட்டால் 0. மதுரையும் நெல்லையும் சேர்த்து வேண்டுமென்றால் இரண்டு கேள்விகளையும் கூட்டிவிட்டு, அந்தக் கூட்டலைச் சுற்றி இன்னோர் அடைப்புக்குறி போட வேண்டும்: `((B2:B9="மதுரை")+(B2:B9="நெல்லை"))`. விடை 29180.

இந்த ஃபார்முலாக்களை வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ சேமித்து நகலெடுக்கும்போது நேரான மேற்கோள் குறிகள் சில சமயம் வளைந்த குறிகளாக மாறிவிடும். எக்செல் அதை மேற்கோளாக ஏற்காது. அழித்துவிட்டு அந்தக் குறிகளை மட்டும் கையால் அடியுங்கள்.

புதிய எக்செல் வைத்திருப்பவர்கள், அதாவது மைக்ரோசாப்ட் 365 அல்லது எக்செல் 2021, `SUMPRODUCT`-க்குப் பதில் வெறும் `SUM` என்று எழுதினாலும் இதே விடை வரும். பழைய பதிப்பில் `SUM` எழுதினால் Ctrl+Shift+Enter அழுத்த வேண்டும். கோப்பு யாருடைய கணினிக்கெல்லாம் போகும் என்று தெரியாதபோது `SUMPRODUCT` எழுதிவிடுவதே நிம்மதி.

## பில்லோடு ஒத்துப்போகாத சில ரூபாய்கள்

சித்தப்பாவிடம் கணக்கைக் கொடுத்தபோது அடுத்த கேள்வி வந்தது: பில் புத்தகத்தில் கூட்டிய தொகைக்கும் என் தொகைக்கும் மூன்று ரூபாய் வித்தியாசம். காரணம், சில சரக்குகளை அவர் கிலோவில் விற்கிறார். 2.35 கிலோ, கிலோ 186 ரூபாய் என்றால் 437.10. பில்லில் ஒவ்வொரு வரியையும் முழு ரூபாய்க்கு மாற்றி 437 என்றுதான் எழுதியிருப்பார்கள். `SUMPRODUCT` பைசாவையும் வைத்துக்கொண்டு கூட்டுகிறது. வரிக்கு வரி இந்தப் பைசாக்கள் சேர்ந்து ரூபாய்களாகின்றன.

பில்லில் வரிக்கு வரி முழுமையாக்குகிறார்கள் என்றால் நாமும் உள்ளே அதைச் செய்ய வேண்டும்:

```
=SUMPRODUCT((B2:B9=G2)*ROUND(D2:D9*E2:E9,0))
```

வெளியே `ROUND` போட்டால் பயனில்லை. அது கடைசித் தொகையை மட்டும் முழுமையாக்கும், வித்தியாசம் அப்படியே இருக்கும்.

திரும்பி வந்த சரக்கை −2 என்று எதிர்ம எண்ணாக எழுதியிருந்தால் தனியாக எதுவும் செய்ய வேண்டாம், கழிந்துவிடும். ஆனால் வடிகட்டி மறைத்த வரிகளையும் `SUMPRODUCT` சேர்த்தே கூட்டும். ஜூன் மாதத்தை மட்டும் திரையில் வைத்துக்கொண்டு மற்ற மாதங்களை மறைத்தால், தொகை எல்லா மாதத்துக்கும்தான் வரும். மாதமும் வேண்டுமென்றால் அதையும் ஒரு கேள்வியாக எழுத வேண்டும்.

கழிவு ஒரு சதவீதம், விற்பனை வரி வேறொரு சதவீதம், அதுவும் சரக்குக்குச் சரக்கு வெவ்வேறு என்று வந்துவிட்டால் நானே பழையபடி கூடுதல் நெடுவரிசைக்குத் திரும்பிவிடுவேன், ஆனால் Ctrl+T அட்டவணைக்குள். அங்கே ஒரு வரியில் எழுதிய ஃபார்முலா புதிய வரிகளுக்கும் தானே இறங்கிக்கொள்ளும். எந்த வரியில் எவ்வளவு கழிவு போனது என்று சித்தப்பா விரலை வைத்துக் கேட்டால் காட்டுவதற்கும் ஓர் இடம் வேண்டுமே.